ரிஜெக்ட் ஆன ஃபினிஷ்டு பொருளைத் திரும்ப உற்பத்திக்கு அனுப்பும்போது பழைய ஆர்டரிலேயே செலவைப் போடலாமா, தனி ரீவொர்க் ஆர்டர் வேண்டுமா?

தனி ஆர்டர்தான். பழைய ஆர்டரை மறுபடி திறக்கச் சொல்லி உங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் நெருக்குகிறார் என்று நினைக்கிறேன். எங்கள் பம்பு கம்பெனியிலும் அதே கதைதான். பழைய ஆர்டரில் போட்டால் ரீவொர்க் செலவு வழக்கமான செலவோடு கலந்துவிடும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அவருக்கு வேண்டியது அதுதானே!

எங்களிடம் 40 பம்புகள் சீல் கசிவால் ஃபைனல் டெஸ்டில் நின்றன. ஒன்றின் ஸ்டாண்டர்டு காஸ்ட் 4,200 ரூபாய். எஸ்ஏபியில் ரீவொர்க் ஆர்டர் போட்டபோது முதலில் செய்தது, தானாக வந்து உட்கார்ந்த பிஓஎம் என்ற உதிரிப் பட்டியலை நீக்கியது. விட்டிருந்தால் 40 புது மோட்டார், 40 காஸ்டிங் எல்லாம் ஸ்டோரிலிருந்து கழிந்திருக்கும். அதற்குப் பதில் அந்த பம்பையே கம்போனென்டாகப் போட்டு, புது சீலைச் சேர்த்தோம். ரூட்டிங்கில் கழற்று, மாட்டு, டெஸ்ட் செய் என்று மூன்றே வேலைகள்.

சீல் 180, ஆள்கூலி 150 என்று பம்புக்கு 330 வீதம் 13,200 ஆனது. டெஸ்டில் இரண்டு பம்புகளின் பாடியில் விரிசல் தெரிந்து அவை ஸ்கிராப் ஆயின. ஸ்டோரிலிருந்து ஆர்டருக்கு எடுக்கும் 261-இல் உள்ளே போனது 40, ஸ்டோரில் வரவு வைக்கும் 101-இல் வெளியே வந்தது 38. அந்த இரண்டின் 8,400-ஐயும் சேர்த்து ஆர்டரில் 21,600 நின்றது. KO88-இல் செட்டில் செய்ததும் அது விலை வேறுபாட்டுக் கணக்குக்குப் போனது. பம்பின் இருப்பு மதிப்பு அதே 4,200-தான். மூவிங் ஆவரேஜ் விலையில் வைத்திருந்தால் கதை வேறு, போதிய ஸ்டாக் கையில் இருந்தால் மொத்தமும் அதில் ஏறி, இருக்கும் எல்லா பம்புகளின் சராசரி விலையும் கூடித் தெரியும். சரக்கு இருப்புக்கான கணக்கியல் தரநிலையான இந்த் ஏஎஸ் 2-உம் அளவுக்கு மீறிய விரயத்தை இருப்பு மதிப்பில் ஏற்றக் கூடாது என்றே சொல்கிறது.

"சின்னக் கம்பெனிக்கு இவ்வளவு தேவையா?" என்று கமென்டில் சிலர் வருவார்கள். எஸ்ஏபி இல்லாவிட்டால் எக்ஸெல்லில் செய்யுங்கள், ஐயா. ஆனால் ரீவொர்க்குக்குத் தனி நம்பர் வேண்டும். அந்த நம்பர் இருந்ததால்தான் சீல் சப்ளையருக்கு டெபிட் நோட் அனுப்ப முடிந்தது. விரிசல் காஸ்டிங் கோளாறு என்பதால் அந்த 8,400-ஐ விட்டுவிட்டு 13,200 மட்டும் கேட்டோம். அவர்கள் சீல் விலையை ஒத்துக்கொண்டு கூலியை மறுத்தார்கள். பர்சேஸ்காரர் உறவைக் கெடுக்க வேண்டாம் என்று அங்கேயே விட்டுவிட்டார். மாசக் கடைசியில் நள்ளிரவு வரை உட்கார்ந்து செட்டில்மென்ட் ஓட்டுவது நாங்கள், இன்சென்டிவ் மட்டும் அவருக்கு. சரி, அது வேறு பஞ்சாயத்து.