வீட்டுக் கடன் கணக்கு விவரமும் வட்டிச் சான்றிதழும் கேட்டு வங்கிக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

"கோபியில் வீடு கட்ட 2021-ல் கடன் எடுத்தேனுங்க. வரிக்காக இல்லை, நம்ம கையில் ஒரு கணக்கு இருக்கட்டும் என்றுதான் ஸ்டேட்மென்ட்டும் வட்டி சர்டிபிகேட்டும் கேட்கணும். கடிதத்தில் என்னென்ன எழுதணுமுங்க?"

ஈரோட்டில் வருமான வரி, ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கும் ஆபீஸில் வேலை செய்கிறேன். இந்தக் காகிதங்கள் தினமும் என் மேசைக்கு வருகின்றன. கவுண்டரில் போய் "லோன் ஸ்டேட்மென்ட் குடுங்க" என்று வாயால் கேட்டால், பெரும்பாலும் கடைசி ஒரு வருடத்துக்கான பக்கத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். சில நேரம் இஎம்ஐ பிடிக்கப்படும் சேமிப்புக் கணக்கின் விவரம்கூட வந்துவிடும். அதில் மாதாமாதம் எவ்வளவு போனது என்பது இருக்குமே தவிர, அதில் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்பது இருக்காது. அதனால் கடன் கணக்கு எண்ணைப் போட்டு, எந்தத் தேதியிலிருந்து வேண்டும் என்பதையும் சொல்லி, எழுத்தில்தான் கேட்க வேண்டும்.

எந்தத் தேதியிலிருந்து? முதல் தவணைப் பணம் வங்கி கொடுத்த நாளிலிருந்து. வீடு கட்டும் கடனில் அஸ்திவாரம், லிண்டல், கான்கிரீட் என்று கட்டம் கட்டமாகத்தான் பணம் வரும். இஎம்ஐ ஆரம்பிக்கும் வரை வட்டியை மட்டும் வாங்குவார்கள். "இஎம்ஐ ஆரம்பித்ததிலிருந்து" என்று கேட்டால் அந்த மாதங்களில் நீங்கள் கட்டிய வட்டி முழுக்க விட்டுப்போய்விடும்.

வட்டிச் சான்றிதழில் இரண்டு வகை உண்டு. வருடம் முடிவதற்கு முன்பு, "இந்த வருடம் இவ்வளவு வட்டி வரும்" என்று உத்தேசமாகத் தருவது ஒன்று. மார்ச் 31 முடிந்த பிறகு உண்மையில் வந்த தொகையைப் போட்டுத் தருவது இன்னொன்று. கோப்பில் வைக்க இரண்டாவதுதான் வேண்டும். கடிதத்தில் "இறுதிச் சான்றிதழ்" என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் முக்கியமாக நினைப்பது வட்டி விகிதம் மாறிய விவரம். 2021-ல் வட்டி குறைவாக இருந்தது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றியது. ரெப்போவோடு இணைந்த கடன்களில் அந்த இரண்டரை சதவீதமும் அப்படியே ஏறியது. பல வங்கிகள் இஎம்ஐ தொகையைத் தொடாமல் கடன் காலத்தை நீட்டின. மாதம் அதே பணம் போனதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 20 லட்சம் கடன், 6.75 சதவீதம், 20 வருடம் என்றால் இஎம்ஐ 15,207 ரூபாய். முதல் மாத வட்டி 11,250. மீதி 3,957 ரூபாய் அசலில் கழியும். பிறகு வட்டி 9.25 ஆகிறது, அப்போது அசல் பாக்கி 19.2 லட்சம் என்று வையுங்கள். ஒரு மாத வட்டி 14,800. அதே 15,207 கட்டினால் அசலில் கழிவது வெறும் 407 ரூபாய். நாள் கணக்கில் வட்டி போடும் வங்கியாக இருந்தால் 31 நாள் மாதத்தில் வட்டியே 15,084 ஆகிவிடும். வருட மொத்தம் மட்டும் போட்ட சான்றிதழில் இது கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு மாத வரியும் உள்ள கணக்கு விவரத்தில்தான் தெரியும்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

அனுப்புநர்: (கடன் வாங்கியவர்கள் அனைவரின் பெயர், முகவரி, செல்போன் எண்)
பெறுநர்: கிளை மேலாளர், (வங்கி, கிளை)
தேதி:

பொருள்: வீட்டுக் கடன் கணக்கு எண் ______ – முழுக் கணக்கு விவரமும் வட்டிச் சான்றிதழ்களும் கோருதல்

ஐயா / அம்மா,

மேற்கண்ட வீட்டுக் கடனைத் தங்கள் கிளையில் பெற்றுத் தவணை செலுத்தி வருகிறோம். எங்கள் சொந்தப் பதிவுக்காகக் கீழ்க்கண்டவற்றைக் கிளை முத்திரையுடன் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

1. முதல் தவணைத் தொகை வழங்கிய நாள் முதல் இன்று வரையான கடன் கணக்கு விவரம். வட்டி, அசல், இதர கட்டணங்கள் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.
2. 2021-22 முதல் சென்ற நிதியாண்டு வரை, ஒவ்வொரு ஆண்டுக்கும் தனித்தனி இறுதி வட்டிச் சான்றிதழ்.
3. வட்டி விகிதம் மாறிய தேதிகள், மாறிய விகிதங்கள், இன்று மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கை.

இதற்குக் கட்டணம் உண்டு என்றால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
(அனைவரின் கையொப்பம்)

வீட்டுக்காரம்மா பெயரும் கடனில் இருந்தால் இருவரும் கையெழுத்துப் போடுங்கள், பிறகு ஒரு கேள்வி வராது. வெளி மாநிலத்திலிருந்து வந்த மேலாளராக இருந்தால், பொருள் வரிக்குக் கீழே அதையே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிவிடுவது வேலையைச் சுலபமாக்கும். ஆதார் நகல் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள்.

மூன்றாவது விவரத்தைத் தர வங்கி தயங்கினால் தைரியமாகக் கேளுங்கள். இஎம்ஐ முறையில் திருப்பிக் கட்டும், வட்டி மாறக்கூடிய தனிநபர் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18-ல் ஒரு உத்தரவு போட்டிருக்கிறது. வீட்டுக் கடனும் அதில் அடங்கும். அதுவரை வசூலித்த அசல், வட்டி, இஎம்ஐ தொகை, மீதித் தவணைகள், ஆண்டு வட்டி விகிதம் இவற்றை ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் கடனாளிக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது.

காகிதம் கைக்கு வந்ததும் ஒரு வருடத்தை எடுத்துச் சரிபாருங்கள். சான்றிதழில் உள்ள வட்டியையும் அசலையும் கூட்டினால், அந்த வருடம் உங்கள் கணக்கிலிருந்து போன தொகை வர வேண்டும். மேலே சொன்ன உதாரணத்தில் 12 தவணைக்கு 1,82,484 ரூபாய். கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் உடனே தப்பு என்று நினைக்க வேண்டாம். மார்ச் 31-ல் பற்று வைத்த வட்டியை ஏப்ரல் 5-ல் இஎம்ஐயாக எடுத்திருப்பார்கள், அது இந்த வருடச் சான்றிதழிலேயே சேர்ந்திருக்கும். பெரிய வித்தியாசம் என்றால் காப்பீட்டு பிரீமியம், ஆய்வுக் கட்டணம், தாமத அபராதம் என்று ஏதாவது பற்று விழுந்திருக்கிறதா என்று கணக்கு விவரத்தில் வரி வரியாகத் தேடுங்கள். எங்களிடம் வந்த பவானிக்காரர் ஒருவருடைய விவரத்தில், அவர் தனியாகப் பணம் கட்டி எடுத்திருந்த வீட்டுக் காப்பீடு கடன் கணக்கிலும் ஒரு முறை பற்றாகியிருந்தது. பாலிசி நகலோடு எழுதிக் கொடுத்தபின் திருப்பி வரவு வைத்தார்கள்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வரவில்லை என்றால் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அந்தப் பிரதியை வைத்துப் புகார் எழுதுங்கள். புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லாவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. அங்கே முதலில் கேட்பது வங்கிக்கு எழுதிய புகாரின் நகலையும் தேதியையும்தான்.