மைத்துனர் காட்டும் முதலிட ஃபண்ட்

கேள்வி: மாதம் 10,000 ரூபாய் லார்ஜ் கேப் ஃபண்டில் எஸ்.ஐ.பி. போடுகிறேன். ஏஜென்டாக இருக்கும் என் மைத்துனர், அந்த வருடம் முதலிடம் பிடித்த ஃபண்டுக்கு மாறச் சொல்வார். ஆறு வருடத்தில் நான்கு தடவை மாறிவிட்டேன். போன தடவை 4 லட்சத்தை 11 மாதத்திலேயே மாற்றினேன். அப்படியும் நிஃப்டியை எட்டவில்லை. அடுத்த 15 வருடத்துக்கு எதை நம்புவது?

பதில்: அந்தக் கடைசி மாற்றத்தையே பாருங்கள். சீக்கிரம் வெளியேறினால் பிடிக்கும் எக்ஸிட் லோடு, 4 லட்சத்துக்கு 1 சதவீதம் என்றால் 4,000 ரூபாய். அதில் லாபம் 40,000 இருந்திருந்தால், ஒரு வருடம் முடியாததால் 20 சதவீத வரி, 8,000. ஆக 12,000 போய்விட்டது. புது ஃபண்ட் முதல் நாளே 3 சதவீதம் பின்தங்கித்தான் ஓட ஆரம்பிக்கிறது.

மாறாமல் இருந்திருந்தாலும் லார்ஜ் கேப்பில் ஜெயிப்பது கஷ்டம். செபி விதிப்படி 80 சதவீதப் பணம் முதல் 100 கம்பெனிகளில்தான் இருக்க வேண்டும். எல்லா மேனேஜர்களும் துருவிப் பார்க்கும் அதே 100 பங்குகள். ஒருவர் சந்தையை முந்தினால் இன்னொருவர் பிந்தியாக வேண்டும். செலவுக்கு முன் சராசரி, சந்தையின் சராசரிதான். செலவைக் கழித்தால் அதற்கும் கீழே. அமெரிக்காவில் 15 வருடக் கணக்கெடுத்தால் லார்ஜ் கேப் ஃபண்டுகளில் பத்துக்கு ஒன்பது அங்கத்திய எஸ்&பி 500 குறியீட்டைத் தாண்டவில்லை. நடுவில் மூடப்பட்டவையும் இணைக்கப்பட்டவையும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். மைத்துனரின் பட்டியலில் அவை இருக்காது!

ஏஜென்ட் கமிஷனும் சேர்ந்த உங்கள் ரெகுலர் பிளானின் செலவு 1.75 சதவீதம், நிஃப்டியை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டின் செலவு 0.25 என்று வையுங்கள். 15 வருடத்தில் நீங்கள் போடுவது 18 லட்சம். இண்டெக்ஸில் 12 சதவீதம் கிடைத்தால் சுமார் 50 லட்சம், செலவு வித்தியாசம் 1.5 போய் 10.5 கிடைத்தால் 44 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ஸ்மால் கேப்பில் நூற்றுக்கணக்கான கம்பெனிகளை அனலிஸ்ட்கள் சரியாகப் பார்ப்பதே இல்லை. அங்கே உழைக்கிற மேனேஜருக்கு இடம் உண்டு. ஆனால் ஃபண்ட் பெருத்துவிட்டால் விலையை அசைக்காமல் வாங்கவோ விற்கவோ முடியாது. பழைய சாதனைகளிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2018-க்கு முன் டிவிடெண்ட் சேராத குறியீட்டோடு ஒப்பிட்டார்கள். வருடம் ஒன்றேகால் சதவீதம்போலச் சும்மா கிடைத்த முன்னிலை அது. இப்போது டிவிடெண்டும் சேர்ந்த டி.ஆர்.ஐ. குறியீட்டோடு ஒப்பிட்டு, எந்தத் தேதியில் போட்டிருந்தாலும் என்ன கிடைத்திருக்கும் என்று காட்டும் ரோலிங் ரிட்டர்ன் பாருங்கள். ஒரே ஒரு நல்ல வருடம் தூக்கி நிறுத்திய ஃபண்ட் அதில் தெரிந்துவிடும்.

அடுத்த மாத எஸ்.ஐ.பி.யை நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டின், கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானுக்குத் திருப்புங்கள். ஆசை இருந்தால் 2,000 மட்டும் ஸ்மால் கேப்பில். பழைய பணத்தை ஒரேயடியாக எடுக்க வேண்டாம். ஒரு வருடம் தாண்டிய யூனிட்களை, லாபம் வருடத்துக்கு 1.25 லட்சத்துக்குள் இருக்கும்படி விற்றால் வரி இல்லை. மைத்துனரிடம், கமிஷனுக்காகச் சொல்கிறாயா என்று கேட்டுச் சண்டை போட வேண்டாம். இந்த வருடம் எதையும் மாற்றவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லிவிடுங்கள்.