டிஸ்சார்ஜ் சீட்டை அம்மாவுக்குப் புரிகிற மாதிரி எழுதுவது எப்படி? மருந்தாளர் பதில்கள்

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி நாலு பக்கம், முழுக்க ஆங்கிலம். ஊரில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது அம்மாதான். வாட்ஸ்அப்பில் எப்படி எழுதி அனுப்புவது? (வாசகி, சென்னை)

நாலு பக்கத்தையும் தமிழில் எழுத உட்காராதீர்கள். எந்த ரத்தக்குழாயில் எத்தனை சதவீதம் அடைப்பு என்பதெல்லாம் அடுத்துப் பார்க்கப்போகும் டாக்டருக்கு. அம்மாவுக்கு வேண்டியது மூன்றுதான்: என்ன மாத்திரை எப்போது, எதற்காக உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், மறுபடி எந்தத் தேதியில் காட்ட வேண்டும்.

சீட்டு மருந்து வாரியாக இருக்கும், வீடு சாப்பாட்டு வேளை வாரியாக நடக்கும். அதனால் முதல் வேலை பட்டியலை வேளை வாரியாக மாற்றுவது. நீங்கள் அனுப்பியிருப்பது: பேண்டோபிரசோல் 40 (1-0-0, சாப்பாட்டுக்கு முன்), மெட்டோபிரோலால் 25 (1-0-0), ஆஸ்பிரின் 75, குளோபிடோகிரெல் 75 (இரண்டும் 0-1-0, சாப்பிட்ட பின்), அடோர்வாஸ்டேட்டின் 40 (0-0-1). அந்த எண்கள் காலை, மதியம், இரவு என்ற வரிசையில் வரும். நான் இப்படி எழுதுவேன்:

> அம்மா, இது அப்பாவோட மாத்திரை.
> காலைல டிபனுக்கு அரை மணி நேரம் முன்னாடி: வயித்து மாத்திரை ஒண்ணு.
> டிபன் முடிஞ்சதும்: நெஞ்சுத் துடிப்புக்கு ஒண்ணு.
> மதியம் சாப்பிட்டதும்: ரத்தம் உறையாம இருக்க ரெண்டு. ரெண்டும் வேற வேற மாத்திரை, ரெண்டையும் குடுக்கணும்.
> ராத்திரி சாப்பிட்டதும்: கொழுப்பு மாத்திரை ஒண்ணு.
> மொத்தம் ஒரு நாளைக்கு அஞ்சு.
> ஒரு வேளை மறந்துட்டா அடுத்த வேளை ரெண்டா குடுத்துடாதே, எனக்கு போன் பண்ணு.

மொத்த எண்ணிக்கையை எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ராத்திரி படுக்கும்போது அன்றைக்குப் போனது நாலா அஞ்சா என்று அம்மாவே பார்த்துக்கொள்ளலாம்.

"ரோஸ் கலர் மாத்திரை", "பெரிய வெள்ளை மாத்திரை" என்று மட்டும் எழுதாதீர்கள். அடுத்த மாதம் மருந்துக்கடைக்காரர் அதே மருந்தை வேறு கம்பெனியில் கொடுத்தால் நிறமும் மாறும், வடிவமும் மாறும். அம்மா அதைப் புது மாத்திரை என்று ஒதுக்கி வைப்பார், அல்லது பழையதோடு சேர்த்து இரண்டையும் கொடுப்பார். நாலு காகிதக் கவர் எடுத்து ஒவ்வொன்றின் மேலும் வேளையைப் பெரிய எழுத்தில் எழுதி, அட்டையோடு உள்ளே போடச் சொல்லுங்கள். மாத்திரையை அட்டையின் எந்த ஓரத்திலிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். பெயரும் காலாவதி தேதியும் அச்சான பக்கத்திலிருந்து பிரித்தால், பாதி அட்டை மிச்சமிருக்கும்போது அது என்ன மாத்திரை என்று யாருக்கும் தெரியாது. புது அட்டை வாங்கினால் முதல் மாத்திரை கொடுக்கும் முன் உங்களுக்கு ஒரு போட்டோ வந்துவிட வேண்டும் என்று வழக்கப்படுத்துங்கள்.

இதை அம்மாவுக்குத் தனியாக அனுப்புங்கள். முப்பது பேர் இருக்கும் குழுவில் போட்டால் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் போய்விடும். அனுப்பியபின் "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்காதீர்கள், எல்லா அம்மாக்களும் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள். "இன்னைக்கு மதியம் எதை எதைக் குடுப்பேன்னு ஒரு வாய்ஸ் போடும்மா" என்று கேளுங்கள். தப்பு இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

கேள்வி: மாமாவுக்கு ஏற்கெனவே பிபி, கொழுப்பு மாத்திரைகள் உண்டு. புதுச் சீட்டில் அவற்றைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. தொடரலாமா? (வாசகர், மதுரை)

வீட்டுக்கு வந்தபின் நடக்கும் குழப்பங்களில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். சீட்டு எதைச் சாப்பிட வேண்டும் என்று சொல்லும். எதை நிறுத்த வேண்டும் என்று பல சீட்டுகள் வாய் திறப்பதில்லை.

ஒரு உதாரணம். பழைய பிபி மாத்திரை அடெனலால், புதியது மெட்டோபிரோலால் என்று வையுங்கள். பெயர்தான் வேறு, இரண்டும் ஒரே வகை. இதயத் துடிப்பைக் குறைப்பவை. இரண்டும் சேர்ந்து போனால் நாடி மிகவும் குறைந்து, எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழலாம். கொழுப்பு மாத்திரையிலும் இதே சிக்கல். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டேட்டின் மூன்றையும் ஒரே கேப்ஸ்யூலில் அடைத்து விற்கிறார்கள். மாமாவுக்கு அதை எழுதியிருந்தால், பழைய அடோர்வாஸ்டேட்டின் அட்டை இரண்டாவது டோஸாக உள்ளே போகும்.

நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். வீட்டிலிருக்கும் எல்லா அட்டைகளையும் பெயர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, டிஸ்சார்ஜ் ஆன வார்டிலோ டாக்டரிடமோ அன்றைக்கே காட்டி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மாமாவுக்கான செய்தியில் "இவை வேண்டாம்" என்று தனிப் பத்தி இருக்கட்டும். நிறுத்திய அட்டைகளைக் கவரில் கட்டி வேறு அறையில் வைத்து, அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது எடுத்துப்போங்கள்.

கேள்வி: "எஸ்.ஓ.எஸ்." என்று எழுதிய சார்பிட்ரேட் மாத்திரையைச் சித்தி தினமும் சித்தப்பாவுக்குக் கொடுத்துவிட்டார். எப்படிச் சொல்வது? (வாசகர், தஞ்சாவூர்)

அது தேவைப்பட்டால் மட்டும். முதலில் டாக்டருக்குத் தகவல் சொல்லிவிட்டு, சித்திக்கு இப்படி எழுதுங்கள்: "சித்தி, இது தினமும் கிடையாது. சித்தப்பாவுக்கு நெஞ்சு வலிச்சா மட்டும்தான். முதல்ல உட்கார வைங்க. ஒண்ணை நாக்குக்கு அடியில வைங்க, முழுங்கக் கூடாது. அஞ்சு நிமிஷத்துல வலி குறையலைன்னா 108-க்கு போன் பண்ணுங்க, எங்களுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். முதலில் மகனைக் கூப்பிட்டு, அவன் டாக்டரைக் கூப்பிட்டு என்று நேரம் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். உட்காரச் சொல்வது இந்த மாத்திரை ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும் என்பதால். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் போன்ற மாத்திரை எடுப்பவர் இதைத் தொடவே கூடாது. இதைக் குழுவில் எழுதாமல் சித்தப்பாவிடம் தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: பெரியப்பாவுக்கு இதயம் பலவீனம். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்தான் என்றார்கள். பெரியம்மா தண்ணீரைக் குறைத்துவிட்டு மோரும் கஞ்சியும் தாராளமாகக் கொடுக்கிறார். (வாசகி, திருநெல்வேலி)

காபி, மோர், கஞ்சி, ரசம், இளநீர் எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். இதை விளக்குவதைவிடச் செய்துகாட்டுவது சுலபம். காலையில் ஒன்றரை லிட்டர் பாட்டிலை நிரப்பி வைக்கச் சொல்லுங்கள். ஒரு டம்ளர் காபி குடித்தால் அதே டம்ளரால் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட வேண்டும். பாட்டில் காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான்.

கூடவே எடை. காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், அதே மாதிரி உடையில் பார்த்து எண்ணை மட்டும் உங்களுக்கு அனுப்பட்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது உடம்பில் தங்கிய நீர். கால் வீக்கமோ மூச்சுத் திணறலோ வரக் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். உப்பைக் குறைக்க "லோ சோடியம்" உப்பு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும், இதய பலவீனத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளோடு சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறும்.

கேள்வி: ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகிறது. பல் பிடுங்க வேண்டும், ரத்தம் உறையாத மாத்திரையை ஐந்து நாள் நிறுத்தச் சொல்லிக் குடும்பக் குழுவில் ஒருவர் எழுதுகிறார். (வாசகர், ஈரோடு)

நிறுத்தாதீர்கள். புது ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் அது மாரடைப்பு. பல் பிடுங்கிய இடத்தில் வரும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தி, தேவைப்பட்டால் தையல் போட்டு நிறுத்திவிடலாம். பல் டாக்டரிடம் ஸ்டென்ட் வைத்த தேதியையும் மாத்திரைப் பெயர்களையும் காட்டுங்கள், அவர் இதய டாக்டரோடு பேசிக்கொள்ளட்டும். குழுவில் "டாக்டர் நிறுத்த வேண்டாம்னு சொல்லிட்டார்" என்று போட்டால் போதும், அங்கே விவாதம் வேண்டாம்.