கணக்கில் மைனஸ் எங்கே விழுகிறது?

“டர்பனில் மெக்கானிக்கல் டிப்ளமா படிக்கிறேன் ஐயா. கேம், லிங்கேஜ் படங்கள் எப்படியோ வந்துவிடுகின்றன. எபிசைக்ளிக் கியர் கணக்கில்தான் ஒவ்வொரு தடவையும் குறி மாறிப்போகிறது. படம் போட்டுப் பழக வழி இருக்கிறதா?” – சாட்ஸ்வொர்த் வாசகர்

இருக்கிறது தம்பி. காம்பஸை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் சன் கியருக்கு 20 பல், பிளானட்டுக்கு 30, வெளியே ரிங்குக்கு 80 என்று வைத்துக்கொள்வோம். ரிங் அசையாது, சன் வலஞ்சுழியாக நிமிடத்துக்கு 300 சுற்று. ஆர்ம் எவ்வளவு சுற்றும்?

முதலில் அட்டவணை. ஆர்மைப் பிடித்துக்கொண்டு சன்னை ஒரு சுற்று சுற்றினால் பிளானட் எதிர்த்திசையில் 20/30 சுற்றும். அடுத்த இடத்தில்தான் பலர் வழுக்குவார்கள். ரிங்கின் பற்கள் உள்பக்கம் இருப்பதால் அது பிளானட் போகும் திசையிலேயே போகும், இன்னொரு முறை திரும்பாது. ஆகவே ரிங்குக்கு −20/80, அதாவது −1/4. இந்த வரிசையை x ஆல் பெருக்கி, எல்லாவற்றோடும் ஆர்மின் y ஐக் கூட்டுங்கள். ரிங் நிற்பதால் y − x/4 = 0, அதாவது x = 4y. சன் x + y = 300. ஆர்ம் 60, பிளானட் 60 − 160 = −100.

சரி, இது சரியா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் படம். மாட்யூல் 2 மி.மீ. என்று எடுத்தால் சன்னின் ஆரம் 20 மி.மீ., பிளானட் 30, ரிங் 80. ஏ4 தாளில் அடங்கும். மையத்திலிருந்து நேர் மேலே கோடு போட்டு 20, 50, 80 மி.மீ.யில் புள்ளி வையுங்கள். 20இல் சன்னும் பிளானட்டும் தொடுகின்றன. 50 பிளானட்டின் மையம். 80 ரிங்கைத் தொடும் இடம், அங்கே வேகம் பூஜ்யம். 20ஆம் புள்ளியில் வலப்பக்கம் 30 மி.மீ. அம்பு வரைந்து, அதன் நுனியை 80ஆம் புள்ளியோடு இணையுங்கள். 50க்கு நேரே அந்தக் கோடு 15 மி.மீ. தள்ளி நிற்கும்.

இனி வகுத்தால் போதும். சன்னுக்கு 30/20 = 1.5, அது 300 சுற்றுக்குச் சமம். ஆர்முக்கு 15/50 = 0.3, அப்படியானால் 60. பிளானட்டின் அடி அதன் மையத்தைவிட வேகமாக வலப்பக்கம் ஓடுகிறது, உச்சி நின்றுவிடுகிறது. ஆகவே அது இடஞ்சுழி. 15/30 = 0.5, அதுதான் −100. அட்டவணையில் ரிங்குக்கு +1/4 போட்டிருந்தால் ஆர்ம் −100 என்று வந்திருக்கும். படத்தில் அம்பு வலப்பக்கம் நிற்பதைப் பார்த்ததுமே பிடித்துவிடலாம்.

பல் எண்ணிக்கையை நீங்களே மாற்றிப் பழகும்போது ரிங் = சன் + இரண்டு பிளானட் என்பதை விடாதீர்கள், இல்லாவிட்டால் வட்டங்கள் ஒன்றையொன்று தொடாது. அப்புறம் ஒரு விஷயம்: வினாத்தாள் படங்களில் வழக்கமாக மூன்று பிளானட் இருக்கும். நம் கணக்கில் 20 + 80 = 100 மூன்றால் வகுபடாது, சம இடைவெளியில் மூன்றைப் பொருத்த முடியாது. நான்கு போடுங்கள்.