நெஞ்சுக்கு ரேடியேசன் குடுத்தவையின்ர இருதயம்: கேள்வி பதில்

வாணி, கொக்குவில்: அண்ணை, அம்மாக்கு 24 வயசில ஹொட்ஜ்கின் லிம்போமா எண்ட புற்றுநோய் வந்து 1997இல மகரகமவில கழுத்துக்கும் நெஞ்சுக்கும் ரேடியேசன் குடுத்தவை, சுகமாயிட்டா. இப்ப கிணத்தில நாலு வாளி அள்ளினாலே நிண்டு மூச்சு வாங்குறா. வீசிங் எண்டு பம்ப் குடுத்திருக்கினம், குறையேல்ல. நெஞ்சு நோ இல்லை, ஈசிஜியும் நோர்மல். பழைய ரேடியேசன் இவ்வளவு காலத்துக்குப் பிறகு இருதயத்தைப் பிடிக்குமோ?

ஓம் தங்கச்சி, பிடிக்கும், அதுவும் இந்த மாதிரித்தான் சத்தமில்லாமல் வரும். நான் இருதய கிளினிக்கில கன காலம் மெடிக்கல் ஒபிசரா இருந்தனான், இப்பிடி வாறவை முக்கால்வாசிப் பேர் "அது பழைய கதை" எண்டு ரேடியேசனைப் பற்றிக் கதைக்கவே மாட்டினம், டொக்டர்மாரும் கேக்க மறந்திடுவினம். அந்தக் காலத்தில ஹொட்ஜ்கினுக்கு நெஞ்சு முழுக்க, கதிரை அளக்கிற கிரே கணக்கில 35, 40 வரைக்கும் குடுக்கிறது வழமை, இருதயத்தின்ர மேல்பாதி அதுக்குள்ள அகப்பட்டுப் போகும். வால்வு மெல்ல மெல்ல தடிச்சு, எங்கட கிணத்துத் தண்ணி கேத்தலில வெள்ளையாப் படியிற மாதிரி கல்சியம் படியும். அது தெரியவர 10, 20 வருசம், சிலருக்கு அதுக்கும் மேல எடுக்கும். கூடுதலா அடிபடுறது இடப்பக்க வால்வுகள், ஏஓர்ட்டிக்கும் மைட்ரலும்.

நோ இல்லை எண்டதை நம்பி இருக்காதேங்கோ. ரேடியேசன் நரம்பையும் கெடுக்கும் எண்டு நினைக்கினம், ரத்தக்குழாய் அடைச்சிருந்தும் நோகாமல் இருக்கிறவையை நான் கண்டிருக்கிறன். ஆறுதலா இருக்கேக்க எடுத்த ஈசிஜி நோர்மல் எண்டதும் ஒண்டையும் முடிவு சொல்லாது. முதல் இருதயத்தை ஸ்கான் பண்ணிப் பாக்கிற எக்கோ ஒண்டு எடுங்கோ, பழைய டயக்னோசிஸ் கார்ட் வீட்டில கிடந்தா அதையும் தேடிக் கொண்டுபோங்கோ, எத்தினை கிரே, கீமோவில சிவப்பு மருந்து ஏத்தினவையோ எண்டு பாக்கவேணும். அந்த மருந்து இருதயத் தசையைத் தனியாப் பலவீனப்படுத்தும்.

ரஞ்சன்: டொக்டர், இது இடப்பக்க மார்பகப் புற்றுநோய்க்காரருக்கு மட்டும்தானே? என்ர மனுசிக்கு வலப்பக்கம், அப்ப பயமில்லை.

பாதி சரி. இடப்பக்கம் எண்டால் முன்பக்கமா இறங்கிற ரத்தக்குழாய் கதிருக்குக் கிட்ட வரும், அதால ஆபத்துக் கூட. ஆனா வலப்பக்கத்திலயும் இருதயத்துக்குக் கொஞ்சம் போகும். சுவீடன், டென்மார்க் பெண்களை வைச்சு 2013இல வந்த ஆய்வில, இருதயத்துக்குப் போன சராசரி அளவில ஒவ்வொரு கிரேக்கும் மாரடைப்பு மாதிரியான நிகழ்வுகள் 7.4 வீதம் கூடுது எண்டு கண்டவை, இதுக்குக் கீழ ஒண்டும் செய்யாது எண்ட எல்லை தெரியேல்ல. அவவுக்கு பிரஷர், சுகர், கொலஸ்ட்ரோல் இருந்தா அதைக் கட்டுப்பாட்டில வைச்சிருங்கோ, கதிரும் அதுகளும் சேந்தால்தான் கூடப் பிரச்சினை.

செல்வி அக்கா: தம்பி, எனக்கு சளிக்கு மூண்டு நாலு தரம் எக்ஸ்ரே, ஒருக்கா சிடியும் எடுத்தது. இனி எனக்கும் வால்வு போயிடுமோ?

இல்லை அக்கா, பயப்பிடாதேங்கோ. இஞ்ச கதைக்கிறது புற்றுநோய்க்குக் கிழமைக் கணக்கா குடுக்கிற கதிரை. ஒரு சிடியில வாறது அதில ஆயிரத்தில ஒரு பங்கும் வராது.

வாணி: அண்ணை எக்கோ எடுத்தாச்சு. ஏஓர்ட்டிக் வால்வு ஏரியா 0.8, சராசரி கிரேடியன்ட் 44 எண்டு கிடக்கு. இருதய ரத்தக்குழாய்களைப் பாக்க அஞ்சியோ செய்தினம், இடப்பக்க பெரிய குழாயின்ர வாயிலயே 60 வீத அடைப்பு, மற்றதெல்லாம் வடிவா இருக்காம்.

அப்ப மூச்சு வாங்குறதுக்குக் காரணம் கிடைச்சிட்டுது. வால்வு திறக்கிற ஏரியா 1 சதுர சென்ரிமீற்றருக்குக் கீழயும், வால்வுக்கு ரெண்டு பக்கமும் உள்ள அழுத்த வித்தியாசமான கிரேடியன்ட் 40க்கு மேலயும் போனால் அது கடுமையான இறுக்கம், மூச்சும் வாங்குறதால தள்ளிப்போடக் கூடாது. சுகர்க்காரருக்கு குழாய் நெடுக ஊறி அடைக்கும், ரேடியேசன் எடுத்தவைக்கு இப்பிடி வாயடியிலதான் அடைக்கிறது கூட, மிச்சம் சுத்தமா இருக்கும். ஒப்பரேசன் எண்டு சொல்ல முதல் நெஞ்சுக்கு சிடி கேளுங்கோ: இருதயத்தில இருந்து வெளிக்கிடுற ஏஓர்ட்டா எண்ட பெருங்குழாய் கல்லாப் போயிருக்கோ எண்டு பாக்கிறதுக்கு. கல்லா இருந்தா அதில கிளாம்ப் போடுறது ஆபத்து, கல்சியம் உடைஞ்சு மூளைக்குப் போகலாம். பைபாஸுக்கு நெஞ்சுக்குள்ளால எடுக்கிற குழாயும் கதிர் பட்டுச் சுருங்கியிருக்கலாம், அதையும் பாத்து வைக்கவேணும்.

நிரோஷன், ரேடியோகிராபர்: அப்ப தொடை வழியா வால்வு வைக்கிறதுதான் நல்லம். நாங்கள் இப்ப மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லித்தான் இடப்பக்கம் குடுக்கிறம், இருதயம் கதிருக்கு விலகிப் போகும். அந்தக் காலத்தில அது இல்லை.

மூச்சுப் பிடிக்கிறது பற்றி நீங்கள் சொல்லுறது சரி. தொடை வழியா வைக்கிறதில எனக்கு ஒரு யோசினை. நெஞ்சைத் திறந்தால் தழும்பாலயும் சுவாசப்பையாலயும் ஆறுறது கஷ்டம், அதால எனக்கும் அந்தப் பக்கம்தான் மனம் போகுது. ஆனா வாணியின்ர அம்மாக்கு வயசு அம்பதுக்கு மேலதான், வைக்கிற திசு வால்வு ஆயுளுக்கும் நிக்காது, வாயடி அடைப்புக்கு ஸ்டென்ட் வேற வேணும், புது வால்வு வைச்ச பிறகு அந்த வாய்க்குள்ள திரும்பப் போறதும் கஷ்டமாகலாம். இருதய டொக்டரும் சேர்ஜனும் ஒண்டா இருந்து சிடியைப் பாத்து முடிவெடுக்கவேணும், வாணி, ரெண்டு பேரும் ஒண்டாக் கதைச்சவையோ எண்டு மட்டும் கேட்டுக்கொண்டு வாங்கோ.