ஆஃப்செட் பின்னால் போகுமா?

கேள்வி: டாக்டருங்க, பையன் கோயமுத்தூர்ல ஒரு ஃபுட்பால் அகாடமியில ஆடறானுங்க. ஜூன்ல வயசு 13.2, நின்ன உயரம் 152 செ.மீ., உட்கார்ந்த உயரம் 76. ‘மெச்சூரிட்டி ஆஃப்செட்’ -1.1னு எழுதினாங்க. செப்டம்பர்ல 153.2, 73.5; ஆஃப்செட் -1.2. வளர்த்தி பின்னால போகுதுங்களா? (பெருந்துறையிலிருந்து ஒரு அம்மா)

பதில்: இல்லைங்க, அளந்ததில்தான் பிசகு. நின்ற உயரம் 1.2 செ.மீ. கூடிய பையனுக்கு உட்கார்ந்த உயரம் 2.5 செ.மீ. குறையாது.

பருவ வயதில் உயரம் மிக வேகமாக ஏறும் கட்டத்தை ‘உச்ச வளர்ச்சி வேகம்’ என்கிறோம். பையன்களுக்குச் சராசரியாக 14 வயதையொட்டி வரும். அதற்கு இன்னும் எத்தனை வருடம் என்பதே ஆஃப்செட். மைனஸ் என்றால் இனிமேல்தான் வரும். உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன். மூர் குழுவினர் 2015-இல் வெளியிட்ட எளிய சூத்திரத்தோடு ஒத்துப்போகின்றன:

ஆஃப்செட் = -8.128741 + (0.0070346 × வயது × உட்கார்ந்த உயரம்)

ஜூனில் 13.2 × 76 வைத்தால் -1.07. செப்டம்பரில் வயது 13.45, 73.5 வைத்தால் -1.17. சரியாக அளந்து 76.5 வந்திருந்தால் -0.89 ஆகியிருக்கும். ஆக, 3 செ.மீ. பிசகு மூன்று மாதத்துக்கும் மேலாகக் கணக்கைப் பின்னுக்கு இழுத்திருக்கிறது.

பயிற்சி முடிந்து களைத்து வரும் பையன் கூன் போட்டு உட்கார்ந்தாலே 2 செ.மீ. போய்விடும். வேறு உயர ஸ்டூலைப் போட்டுவிட்டு பழைய ஸ்டூலின் உயரத்தையே கழிப்பதும் நடக்கும். அடுத்த முறை காலையில், அதே ஸ்டூலில், இடுப்பு சுவரை ஒட்டியிருக்க, தொடை தரைக்கு இணையாக, கண்ணும் காதுத்துளையும் ஒரே மட்டத்தில் இருக்க, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி இரண்டு தடவை அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் அரை செ.மீ. அளவுக்கு வேறுபட்டால் மூன்றாவது தடவை அளந்து, நடுவில் வரும் எண்ணை எடுக்க வேண்டும்.

ஜூன் வயது 13.2-உடன் 1.07 வருடத்தைக் கூட்டினால் உச்ச வேகம் 14 வயது 3 மாதத்தில் என்று வரும். சரியாக அளந்தாலும் இந்த விடை ஒரு வருடம் முன்னே பின்னே போகலாம். அதோடு இந்தச் சூத்திரம் எல்லாரையும் சராசரிப் பக்கம் இழுக்கும். தாமதமாக வளரும் பையனுக்கு உண்மையில் வருவதைவிட முன்கூட்டியே தேதி சொல்லிவிடும். அவன் அப்பா பத்தாவது, பதினொன்றாவதில்தான் நெட்டையானாரா? அப்படியானால் அந்த 14 வயது 3 மாதத்தை அப்படியே நம்ப வேண்டாம்.

நான் நம்புவது நின்ற உயரத்தின் வேகத்தைத்தான். மூன்று மாதத்தில் 1.2 செ.மீ. என்றால் வருடத்துக்கு 4.8, வேகம் இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் இங்கே அரை செ.மீ. பிசகினால் வருடக் கணக்கில் 2 செ.மீ. பிசகும், அதனால் ஆறு மாத இடைவெளியில் பாருங்கள். வருடக் கணக்கில் அது 7 செ.மீ.யைத் தாண்டினால் வேகம் பிடித்துவிட்டது. அப்போது தாவல், வேக ஓட்டப் பயிற்சியின் அளவைக் குறைக்கக் கோச்சிடம் கேளுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே தொட்டால் வலிக்கிறது என்று சொல்லும் காலமும் அதுதான்.

14 வயது ஆகியும் விதைகள் பெரிதாகத் தொடங்கவில்லை என்றாலோ, உயரம் வருடத்துக்கு 4 செ.மீ.கூட ஏறவில்லை என்றாலோ, குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது அளவு எழுதிய நோட்டையும் கொண்டுபோங்கள்.