டென்னிஸில் 15, 30, 40 என எண்ணுவது ஏன்? டைபிரேக் எப்படி நடக்கிறது?

ஒரு கேமில் புள்ளிகளை 1, 2, 3 என்று எண்ணாமல் 15, 30, 40 என்று எண்ணுவது ஏன்? 6-6 என்று இழுபடும் செட்டை டைபிரேக் எப்படி முடிக்கிறது?

இம்முறை பழைய பிரெஞ்சுப் பந்தாட்டத்திலிருந்து வந்தது. அதில் புள்ளிகள் 15, 30, 45 எனப் பதினைந்து பதினைந்தாகவே ஏறின. 45 என்பது பிற்காலத்தில் 40 என்று சுருங்கியது. கடிகார முள்ளைக் கொண்டு எண்ணினார்கள் என்ற விளக்கம் அழகானதே தவிர, நிமிட முள் பரவலாவதற்கு முன்பே இவ்வழக்கு இருந்ததால் எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

டைபிரேக்கிலோ 1, 2, 3 என்ற சாதாரண எண்ணிக்கைதான். முதல் சர்வீஸ் செய்பவர் ஒரே ஒரு புள்ளிக்கு மட்டும் சர்வ் செய்வார். அதன்பின் இருவரும் மாறி மாறி இரண்டிரண்டு புள்ளிகளுக்குச் சர்வ் செய்ய, ஆறு புள்ளிகளுக்கு ஒருமுறை பக்கம் மாறுவார்கள். முதலில் 7 புள்ளிகளை எட்டுபவர் வெல்வார், ஆனால் 2 புள்ளி முன்னிலை வேண்டும். ஆகவே 6-6 ஆனால் ஆட்டம் 8-6 அல்லது 9-7 என நீளலாம். செட் 7-6 என்று பதிவாகும்.

கடைசி செட்டுக்கு டைபிரேக் இல்லாதிருந்த 2010 விம்பிள்டனில், இஸ்னர், மஹு ஆகியோரின் ஐந்தாம் செட் 70-68 வரை சென்றது. அந்த ஆட்டம் முடிய மூன்று நாட்களாயின. 2022 முதல் நான்கு கிராண்ட் ஸ்லாம்களிலும் கடைசி செட் 6-6 ஆனால் 10 புள்ளி டைபிரேக் ஆடப்படுகிறது.